ஊட்டிப் பனிக்குப் பயந்து கார் கூலன்ட் ஊத்தினேன், சிபியூ 10 டிகிரி ஏறிடுச்சு. குறை கூலன்ட்லயா, ஓட்டத்துலயா?

கேத்திக்காரன் (கேத்தி, நீலகிரி), டிசம்பர் 27, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீட்டுக்குப் பின்னாடி தகரக்கூரை போட்ட ஒரு அறையில ரெண்டரிங் மெஷின் வச்சிருக்கேன். ரிசார்ட், பங்களாவுக்கெல்லாம் முப்பரிமாணப் படம் போட்டுத் தர்ற வேலை. ராத்திரி பூரா ஓடும். மார்ச்சுல சிபியூ, ஜிபியூவைக் குளிர வைக்கத் தண்ணி சுத்துற லூப்பை நானே கட்டினேன். ஒரு டி5 பம்பு, 360 ரேடியேட்டர் ஒண்ணு, அதுல மூணு ஃபேன், முதல்ல சிபியூ பிளாக், அடுத்து ஜிபியூ பிளாக், வளையுற தெளிவான டியூப். ஊத்தினது பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர். ஒன்பது மாசம் எந்தக் குறையும் இல்லை.

டிசம்பர் ரெண்டாம் வாரம் இங்க உறைபனி விழுந்தது. காலையில கேரட் தோட்டம் பூரா வெள்ளையா இருந்துச்சு. பக்கத்து வீட்டு வாசல் பக்கெட்டுல மேலாக ஐஸ் கட்டியிருந்துச்சு. ரெண்டு நாள் மெஷினை அணைச்சு வச்சா ரேடியேட்டருக்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிச்சிருமோன்னு பயம் வந்திருச்சு. தண்ணியை வடிச்சிட்டு, கார் கடையில எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் வாங்கி பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்தினேன்.

இப்ப நிலைமை இது. ஏப்ரல்ல அறை 19 டிகிரியா இருந்தப்ப ஃபுல் லோடுல சிபியூ 65, ஜிபியூ 46. இப்ப அறை 12 டிகிரிதான். சிபியூ 75, ஜிபியூ 45. அறை 7 டிகிரி குளிர்ந்திருக்கு, சிபியூ 10 டிகிரி ஏறியிருக்கு. ஃப்ளோ மீட்டர் அப்ப நிமிஷத்துக்கு 4.0 லிட்டர் காட்டும், இப்ப 1.3 காட்டுது. பம்பு வேகத்தை நான் தொடவே இல்லை. பெரிய பம்பு வாங்கணுமா?

மலைரயில் (மேட்டுப்பாளையம்), டிசம்பர் 28, காலை 7:15

பம்பு வாங்காதீங்க ப்ரோ. ஓட்டம் குறைஞ்சது ஒரு வகையில நல்லதுதான். தண்ணி வேகமா ஓடினா பிளாக்குல சூட்டை வாங்க நேரமே இருக்காது, ரேடியேட்டர்ல விடவும் நேரம் இருக்காது. மெதுவா போனாத்தான் நல்லா வாங்கிட்டுப் போகும். கிளைக்கால் தண்ணியை விடக் கம்மியாத்தான் சூட்டை எடுக்கும், அதுதான் உங்க பிரச்சினை. மறுபடி தண்ணியே ஊத்துங்க.

இன்னொரு யோசனை. கேத்தியில வெளிய 5 டிகிரி இருக்கே. ரேடியேட்டரை ஜன்னலுக்கு வெளிய மாட்டிட்டா செலவில்லாம ஏசி வச்ச மாதிரி.

கொடைவாசி (கொடைக்கானல்), டிசம்பர் 28, காலை 9:02

அண்ணே, எனக்கும் இதே பிரச்சினைதான். கடையில வாங்கின சீல் போட்ட 240 ஏஐஓ கூலர். சென்னையில இருந்தப்ப சத்தமே இல்லை. கொடைக்கானல் கொண்டு வந்ததுல இருந்து ஆன் பண்ணினதும் பம்புல களகளன்னு தண்ணி ஓடுற சத்தம். டெம்பரேச்சர் சரியாத்தான் இருக்கு. இங்க காத்தழுத்தம் கம்மி, அதனாலயா? ரேடியேட்டரை கேஸுக்கு அடியில மாட்டியிருக்கேன்.

பம்புசெட் (குன்னூர்), டிசம்பர் 28, மதியம் 1:30

கொடைவாசி தம்பி, உங்களுது வேற கதை, முதல்ல அதை முடிச்சிடறேன். ரேடியேட்டர் அடியில இருந்தா லூப்புல உசந்த இடம் பம்புதான். உள்ள இருக்கிற கொஞ்சக் காத்து அங்கதான் போய் உட்காரும். ரேடியேட்டரை மேல மாட்டுங்க, இல்லைன்னா முன்பக்கம் அதோட தலை பம்பை விட உசரமா இருக்கிற மாதிரி மாட்டுங்க. சத்தம் நிக்கலைன்னா வாங்க, பேசுவோம்.

கேத்தித் தம்பி, நான் இருபத்தாறு வருஷம் சில்லர் பிளான்ட் ஓட்டினவன். கம்ப்யூட்டர் லூப் கட்டினது பையனுக்காக ரெண்டே தடவை. ஆனா குழாய்க்குள்ள போற தண்ணிக்கு அது எந்த மெஷின்ல போகுதுன்னு தெரியாது. கணக்கு ஒண்ணுதான்.

சிபியூ 75ங்கிற ஒரே எண்ணை வச்சு என்னால எதுவும் சொல்ல முடியாது. சூடு சிப்புல இருந்து அறைக்காத்துக்குப் போக படி படியா இறங்கணும். சிப்புல இருந்து கூலன்ட்டுக்கு ஒரு படி. கூலன்ட்ல இருந்து காத்துக்கு ஒரு படி. கூலன்ட் உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் இருக்கிற வித்தியாசம் ஒண்ணு. எந்தப் படி உசந்திருக்குன்னு பார்த்தா குறை எங்கன்னு அதுவே சொல்லிடும். உங்ககிட்ட கூலன்ட் சென்சார் இருக்கா? சிபியூ பிளாக்குக்கு முன்னாடி ஒண்ணு, ஜிபியூவுக்குப் பின்னாடி ஒண்ணு வேணும். ஏப்ரல் எண்ணும் இப்போதைய எண்ணும் தாங்க. லோடுல சிபியூ எத்தனை வாட், ஜிபியூ எத்தனை வாட்டுன்னும் சொல்லுங்க. அரை மணி நேரமாவது ஓட்டிட்டுப் பாருங்க, கூலன்ட் நிலைக்கு வர நேரம் எடுக்கும்.

மலைரயில் தம்பி, மெதுவா போனா ஒவ்வொரு லிட்டரும் கூடுதல் சூட்டோட வெளிய வரும், அது நிஜம். ஆனா நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருதுங்கிறதையும் சேர்த்துப் பாருங்க. தோட்டத்துல இருந்து ரோட்டுக்குக் கேரட் மூட்டை சுமக்கிறவர் மெதுவா நடக்கிறதால லாரி சீக்கிரம் நிறையாது. இது சுத்திச் சுத்தி வர்ற லூப். பிளாக்கை விட்டுச் சீக்கிரம் போற தண்ணி சீக்கிரமே திரும்பியும் வந்திடும். ஓட்டம் கூடினா எந்தப் படியும் உசராது. ஜன்னல் யோசனைக்கு அப்புறம் வர்றேன், அதுல ஒரு ஆபத்து இருக்கு.

கேத்திக்காரன், டிசம்பர் 28, இரவு 10:55

சென்சார் ரெண்டும் நீங்க சொன்ன இடத்துலயே இருக்குங்க ஐயா. HWiNFO பதிவை எடுத்துப் பார்த்தேன். ரெண்டு காலத்துலயும் சிபியூ 180 வாட், ஜிபியூ 300 வாட், அதே சீன்தான் ரெண்டர் பண்ணினேன்.

ஏப்ரல், தண்ணி: அறை 19, உள்ள போற கூலன்ட் 30, வெளிய வர்றது 32.0, சிபியூ 65, ஜிபியூ 46.
இப்ப, பாதிக்குப் பாதி: அறை 12, உள்ள போறது 25, வெளிய வர்றது 29.2, சிபியூ 75, ஜிபியூ 45.

பம்புசெட், டிசம்பர் 29, காலை 6:20

நல்லா எழுதி வச்சிருக்கீங்க. ஒரு வேலை பாக்கி. மெஷினை லோடு இல்லாம, ஃபேன் ஓட, பம்பு ஓட அரை மணி விடுங்க. அப்ப ரெண்டு சென்சாரும் ஒரே எண்ணைக் காட்டணும். காட்டாது. எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு சொல்லுங்க. ரெண்டு டிகிரி வித்தியாசத்தை அளக்கிறப்ப அரை டிகிரி பிசகு பெரிய பிசகு.

கேத்திக்காரன், டிசம்பர் 29, இரவு 9:10

வெளிய வர்ற பக்கத்து சென்சார் 0.3 கூடுதலா காட்டுதுங்க.

பம்புசெட், டிசம்பர் 30, காலை 11:45

அப்ப ஏப்ரல் வித்தியாசம் 1.7, இப்ப 3.9. இனி கணக்குக்கு வரலாம்.

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்த 4.18 கிலோஜூல் வேணும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினா, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 70 வாட் சுமக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் எடை கூடுதல், ஆனா கிலோவுக்குச் சுமக்கிறது கம்மி. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா லிட்டருக்கு 60 வாட் வரும்.

```
வாட் = 70 × LPM × ΔT     (தண்ணி)
வாட் = 60 × LPM × ΔT     (50:50 கிளைக்கால்)
```

ஏப்ரலுக்குப் போடுங்க. 70 × 4.0 × 1.7 = 476. உங்க மெஷின் கொட்டுறது 480. அச்சாப் பொருந்துது. அப்ப உங்க வாட், சென்சார், ஃப்ளோ மீட்டர் மூணையும் நம்பலாம்.

இப்ப டிசம்பருக்குப் போடுங்க. 60 × 1.3 × 3.9 = 304. மீதி 176 வாட் எங்க போச்சு? சிபியூவும் ஜிபியூவும் அதே வாட்டைத்தான் கொட்டுது, கூலன்ட் நிலையா நிக்குது. சூடு காணாம போக வழியே இல்லை. அப்ப மூணுல ஒண்ணு பொய் சொல்லுது. எனக்குத் தெரிஞ்சு அது ஃப்ளோ மீட்டர். உங்க மீட்டருக்குள்ள சின்னச் சக்கரம் சுத்துது இல்லையா, அது ஒரு சுத்துக்கு இவ்வளவு தண்ணின்னு கம்பெனியில கணக்குப் போட்டு வச்சது. 20 டிகிரியில பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் தண்ணியை விட நாலு மடங்கு கெட்டி. கெட்டியான திரவத்துல சக்கரம் மந்தமா சுத்தும், மீட்டர் குறைச்சுக் காட்டும். கணக்கைத் திருப்பிப் போட்டா நிஜ ஓட்டம் 480 ÷ (60 × 3.9), அதாவது 2.05 லிட்டர்.

4.0ல இருந்து 2.05க்கு இறங்கினதும் இறக்கம்தான், ஆனா மீட்டர் காட்டுற அளவுக்கு மோசம் இல்லை. பெரிய பம்பு வாங்கற பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது படி. சிபியூவுக்கும் கூலன்ட்டுக்கும் நடுவுல ஏப்ரல்ல 35, இப்ப 50. ஜிபியூவுக்கு 16 இருந்தது 20. கூலன்ட்டுக்கும் அறைக்கும் 11 இருந்தது 13. இதைக் கொஞ்ச நேரம் பாருங்க. நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

சர்க்யூட் (கோவை), டிசம்பர் 30, மதியம் 2:20

பார்த்தேன் சார். சிபியூ படி மட்டும் 15 ஏறியிருக்கு. ஜிபியூ 4தான். ரெண்டுலயும் ஒரே கூலன்ட், ஒரே ஓட்டம். கூலன்ட் மட்டும் காரணம்னா ரெண்டும் ஏறக்குறைய சேர்ந்து ஏறியிருக்கணும். அப்ப சிபியூ பிளாக்குல தனியா ஏதோ குறை. சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல தடவின பேஸ்ட் காஞ்சிருக்கலாம், இல்லைன்னா பிளாக் அடைச்சிருக்கலாம். சரியா?

பம்புசெட், டிசம்பர் 30, மாலை 5:05

அதேதான். ஜிபியூ சொல்ற 4 டிகிரி கிளைக்காலோட பங்கு. அது ஏன் வருதுங்கிறதையும் சொல்லிடறேன், மலைரயில் தம்பி சொன்னதுல பாதி உண்மை இருக்கு. கிளைக்கால் சூட்டைச் சுமக்கிறது கம்மிங்கறார். அது 14 சதவீதம்தான் கம்மி. அதனால கூடுறது வெளிய வர்றப்ப இருக்கிற வித்தியாசம், அதுவும் ஒரு டிகிரிக்குள்ள. பெரிய அடி வேற இடத்துல. பிளாக்குக்குள்ள முடி மாதிரி மெல்லிசான செப்புத் துடுப்புகள் இருக்கு. அதுக்கு நடுவுல திரவம் சுழிக்காம வழுவழுன்னு படலமா போகுது. அப்படிப் போறப்ப செப்புல இருந்து சூடு அந்தப் படலத்தைக் கடந்துதான் உள்ள வரணும். தண்ணியோட வெப்பக்கடத்துதிறன் 0.6, பாதிக்குப் பாதி கிளைக்கால் 0.4க்குப் பக்கம். துடுப்புக்கும் திரவத்துக்கும் நடுவுல இருக்கிற தடை ஒன்றரை மடங்கு ஆகுது. சுமக்கிற திறன் மேல எல்லாரும் கண்ணு வைக்கிறாங்க, கடத்துற திறனும் கெட்டித்தன்மையும்தான் முதல்ல கடிக்கும்.

மீதி பத்துப் பதினோரு டிகிரிக்குப் பிளாக்கைத் திறங்க. திறந்து சுத்தம் பண்ணினதும் தண்ணிக்கு மாறிடாதீங்க. அதே பாதிக்குப் பாதி கலவையையே திரும்ப ஊத்தி ஓட்டுங்க, புதுப் பேஸ்ட் போட்டுக்கங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மாத்தினாத்தான் எது எவ்வளவுன்னு தெரியும். பேஸ்ட்டு மட்டும் தவிர்க்க முடியாது, பிளாக்கைக் கழட்டினா போட்டுத்தான் ஆகணும்.

வடிக்கிற கூலன்ட்டைத் தோட்டத்துல ஊத்திராதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போயிடும். மூடி போட்ட கேன்ல எடுத்து வச்சு, பழைய கூலன்ட்டைச் சேர்த்து வாங்கிக்கிற கார் சர்வீஸ்ல கொடுங்க.

மலைரயில், டிசம்பர் 30, இரவு 8:40

நான் மெதுவா ஓடினா நல்லதுன்னு சொன்னதைத் திருத்திக்கறேன். ஆனா ஓட்டம் 4.0ல இருந்து 2.05க்குப் போயும் பெரிய கேடு இல்லைங்கறீங்க. அப்ப எவ்வளவு ஓட்டம் போதும்?

பம்புசெட், டிசம்பர் 31, காலை 6:50

அதைக் கேத்தித் தம்பி அளந்து காட்டட்டும். என் வாய்க் கணக்கை விட அவரோட அளவு மதிப்பு. ஜன்னல் விஷயத்தை இப்ப சொல்லிடறேன்.

ரேடியேட்டர் அறைக்குள்ள இருக்கிற வரைக்கும் கூலன்ட் அறையை விடக் குளிராது. டியூப் வேர்க்கவே வேர்க்காது. ரேடியேட்டர் வெளிய போச்சுன்னா அந்தக் காவல் போச்சு. அறையில ஹீட்டர் போட்டு 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வைங்க, மேகம் இறங்கற நாள்ல இங்க அதெல்லாம் சாதாரணம். அந்தக் காத்து 14.5 டிகிரியில நீரா மாறும். வெளிய 5 டிகிரி. ஃபுல் லோடுல கூலன்ட் 11 டிகிரி கூடி 16ல நிக்கும், தப்பிச்சிடுவீங்க. ரெண்டர் முடிஞ்சு மெஷின் சும்மா நிக்கிறப்ப கூலன்ட் 7க்கு இறங்கும். அப்ப பிளாக் வேர்த்து மதர்போர்டு மேல சொட்டும். லோடுல பார்த்து நல்லா இருக்குன்னு நம்பிட்டுத் தூங்கப் போவீங்க, சொட்டுறது அதுக்கப்புறம்தான்.

கொடைவாசி, ஜனவரி 1, காலை 10:30

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. ரேடியேட்டரை மேல மாத்தினேன், சத்தம் முக்கால்வாசி போச்சுண்ணே. ஆன் பண்ணினதும் ஒரு அஞ்சு செகண்ட் மட்டும் வருது. சென்னையில இதே கேஸ்ல இதே மாதிரி அடியிலதான் மாட்டியிருந்தேன், அப்ப ஏன் வரலைங்கிறதுதான் புரியலை.

பம்புசெட், ஜனவரி 1, மதியம் 12:10

டியூப் வளையுற ரப்பர். வெளிக்காத்தழுத்தம் கொடைக்கானல்ல சென்னையை விட அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கம்மி. உள்ள இருந்த குமிழி கொஞ்சம் விரிஞ்சிருக்கலாம். இல்லைன்னா வருஷப் போக்குல டியூப் வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகிக் காத்து கூடியிருக்கலாம், சீல் போட்டதுல அது நடக்கும். வண்டியில மேல வர்றப்ப குலுங்கினதுல ரேடியேட்டர்ல இருந்த குமிழி இடம் மாறியும் இருக்கலாம். எதுன்னு பிரிச்சுச் சொல்ல என்கிட்ட வழி இல்லை தம்பி.

கேத்திக்காரன், ஜனவரி 3, இரவு 11:25

பிளாக்கைத் திறந்தேன். படம் போட்டிருக்கேன். துடுப்புக்கு நேர் மேல ஒரு தகடு, அதுல நீளமா ஒரு கீறல் மாதிரி வழி, அது வழியாத்தான் கூலன்ட் துடுப்பு மேல பாயும். அந்தக் கீறல்ல மூணுல ஒரு பங்கு வெள்ளையா, பிசுபிசுன்னு, காய்ஞ்ச பால் ஆடை மாதிரி ஒண்ணு அடைச்சிருந்துச்சு. துடுப்புலயும் நடுவுல ஒரு பட்டை. செப்பு கறுக்கலை, பச்சையும் இல்லை. வெந்நீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பழைய டூத்பிரஷ் வச்சுத் தேய்ச்சு, டிஸ்டில்டு வாட்டர்ல மூணு தடவை அலசினேன். பேஸ்ட் நல்லாத்தான் பரவியிருந்துச்சு, காயலை.

ஐயா சொன்ன மாதிரி அதே கலவையை வடிகட்டி ஊத்தி ஓட்டினேன். அறை 12. கூலன்ட் உள்ள போறது 24.5, சரிபார்த்த வித்தியாசம் 3.1, சிபியூ 64.5, ஜிபியூ 43.5. மீட்டர் 1.7 காட்டுது. கணக்குப் போட்டேன், நிஜ ஓட்டம் 2.6 லிட்டர் வருது.

சிபியூ படி 50ல இருந்து 40க்கு இறங்கிடுச்சு. அப்ப பத்து டிகிரி அடைப்பு, அஞ்சு டிகிரி கிளைக்கால். சரியாங்க ஐயா?

பம்புசெட், ஜனவரி 4, காலை 7:30

சரி. அடைப்புக்கு எழுதின அந்தப் பத்துல ஓட்டம் கூடினதோட பங்கும் பேஸ்ட் மாத்தினதோட பங்கும் கொஞ்சம் கலந்திருக்கு. ஜிபியூ படி 20ல இருந்து 19 ஆனதைப் பாருங்க, ஓட்டத்தோட பங்கு அந்த அளவுக்குத்தான்.

இப்ப கேள்வி, உங்களுக்குக் கிளைக்கால் வேணுமா? அறையில ஒரு தெர்மாமீட்டரை ராத்திரி பூரா வச்சுப் பாருங்க, மெஷினை அணைச்சிட்டு. பக்கெட்டுல ஐஸ் கட்டினது வேற விஷயம். மேகம் இல்லாத ராத்திரியில புல்லும் பக்கெட்டும் வானத்தை நேராப் பார்த்துட்டு இருக்கு, சூட்டை மேல அள்ளி வீசிடும். அதனாலதான் காத்து 2, 3 டிகிரி இருக்கிறப்பவே தரையில உறைபனி விழுது. கூரைக்குக் கீழ இருக்கிற ரேடியேட்டர் வானத்தைப் பார்க்கலை.

சர்க்யூட், ஜனவரி 4, காலை 10:15

சார், தண்ணிக்கே திரும்பறதா இருந்தா பாசி பிடிக்காம இருக்க ஒரு 5 சதவீதம் கிளைக்கால் சேர்த்தா போதும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். கெட்டித்தன்மையும் கூடாது, நுண்ணுயிரும் வராது.

அந்த வெள்ளைப் பிசுக்கு டியூப்ல இருந்து வந்ததுன்னு நினைக்கிறேன். தெளிவா வளையுற டியூப்புல மென்மைக்குச் சேர்க்கிற பொருள் கசிஞ்சு இப்படித்தான் துடுப்புல உட்காரும். கேத்திக்காரன், டியூப் மங்கலாயிருக்கா?

பம்புசெட், ஜனவரி 4, மாலை 4:40

5 சதவீதம் வேண்டாம். கிளைக்கால் கெட்டியா இருக்கிற வரைக்கும்தான் நுண்ணுயிரைத் தடுக்கும். இருபது சதவீதத்துக்குக் கீழ போனா சில பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. சில்லர் லைன்ல கசிவுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி நீர்த்துப் போன கிளைக்கால் நாறினதை நானே மூக்கால அனுபவிச்சிருக்கேன். ஊத்தினா இருபதுக்கு மேல ஊத்துங்க, இல்லைன்னா ஊத்தாதீங்க. தண்ணின்னா லூப்புக்குன்னு விக்கிற அரிப்புத் தடுப்பானும் உயிர்க்கொல்லியும் சேருங்க. வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்பது மாசம் ஓடினது உங்க அதிர்ஷ்டம்.

வெள்ளைப் பொருள் டியூப்ல இருந்து வந்ததுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கார் கூலன்ட்ல அலுமினிய இன்ஜினுக்காகச் சிலிக்கேட் சேர்க்கிற வகை இருக்கு. லூப்புல பழசு மிச்சம் இருந்து அதோட கலந்தா சில நேரம் ஜெல்லியா திரியும்.

கேத்திக்காரன், ஜனவரி 9, இரவு 10:05

அஞ்சு ராத்திரி தெர்மாமீட்டர் வச்சேன். அறையில இறங்கினது அதிகபட்சம் 4 டிகிரி வரைக்கும்தான். அதுவும் வெளிய புல் வெள்ளையா இருந்த அன்னிக்கு. அதனால கிளைக்காலை வடிச்சு, நல்லா அலசி, டிஸ்டில்டு வாட்டரும் அரிப்புத் தடுப்பானும் உயிர்க்கொல்லியும் ஊத்திட்டேன்.

மலைரயில் கேட்டதுக்காகப் பம்பு வேகத்தைக் குறைச்சுக் குறைச்சு அளந்தேன். ஒவ்வொண்ணும் 40 நிமிஷம் ஓட்டிட்டு எழுதினது, தண்ணியில.

4.1 லிட்டர்: வித்தியாசம் 1.7, சிபியூ படி 34.
2.5 லிட்டர்: வித்தியாசம் 2.7, சிபியூ படி 35.
1.5 லிட்டர்: வித்தியாசம் 4.6, சிபியூ படி 36.
0.8 லிட்டர்: வித்தியாசம் 8.6, சிபியூ படி 40.

ஜிபியூ சிபியூவுக்கு அடுத்து இருக்கிறதால 0.8ல அதுக்குச் சூடான தண்ணியே போகுது, அதுவும் சேர்ந்து ஏறுது. 2.5ல பம்பு சத்தம் கேக்கவே இல்லை, அதுலயே வச்சிட்டேன்.

மலைரயில், ஜனவரி 9, இரவு 10:50

இதைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். 4.1ல இருந்து 1.5 வரைக்கும் ரெண்டே டிகிரி. அதுக்குக் கீழ சடார்னு விழுது.

பம்புசெட், ஜனவரி 10, காலை 6:35

வித்தியாசம் ஓட்டத்துக்குத் தலைகீழா போகும். நாலை ரெண்டாக்கினா 1.7 டிகிரிதான் கூடும். ஒண்ணை அரையாக்கினா ஏழு டிகிரி கூடும். கோடு போட்டுப் பார்த்தா வலது பக்கம் படுத்தே கிடக்கும், இடது பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்திடும். அடைப்பு மெல்ல மெல்ல வளர்றப்ப முதல்ல ஒண்ணும் தெரியாததுக்கும் இதுதான் காரணம். மீட்டர் இருக்கிறவங்க மாசம் ஒரு தடவை எண்ணை எழுதி வைங்க.

கூலன்ட்டுக்கும் அறைக்கும் நடுவுல இருக்கிற 11 மட்டும் பம்பால குறையாது. அது ரேடியேட்டர், ஃபேன் சமாச்சாரம். ஊட்டி உசரத்துல ஒரு கனமீட்டர் காத்து இந்தக் குளிர்லயும் 0.95 கிலோதான், கோவையில சுமார் 1.1. ஃபேன் அதே கனமீட்டரைத்தான் தள்ளுது, எடை கம்மியா போகுது. சமவெளியில ஓட்டிப் பார்த்து எழுதின ரேடியேட்டர் அளவை இங்க அப்படியே நம்பினா ஒண்ணு ரெண்டு டிகிரி ஏமாறுவீங்க.

சர்க்யூட், ஜனவரி 10, காலை 9:00

அந்த வெள்ளைப் பிசுக்கை எடுத்து வச்சிருக்கீங்களா? டியூப்ல இருந்து வந்ததுன்னா எண்ணெய்ப் பசையா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல இளகும். சிலிக்கேட்டுன்னா இளகாம மாவா நிக்கும்னு நினைக்கிறேன்.

கேத்திக்காரன், ஜனவரி 10, இரவு 9:45

கொஞ்சம் டப்பாவுல வச்சிருந்தேன். ஆல்கஹால் ஊத்தினேன். பாதி இளகிடுச்சு, பாதி அடியில மாவா நிக்குது. டியூப் ஓரம் கொஞ்சம் மங்கல்தான். புது ரப்பர் டியூப் ஆர்டர் போட்டுட்டேன். ஜூலை மழையில மறுபடி பிளாக்கைத் திறந்து படம் போடறேன்.